ஒற்றைப் பின் ஹெட்செட், இரண்டு சாக்கெட் டெஸ்க்டாப்: ஸ்ப்ளிட்டர் வாங்குவதா, யு.எஸ்.பி. அடாப்டர் வாங்குவதா?

போனில் அருமையாக வேலை செய்கிற ஹெட்செட்டை டெஸ்க்டாப்பில் செருகினால் பாட்டு கேட்கிறது, மீட்டிங்கில் அந்தப் பக்கம் பேசுவதும் கேட்கிறது, நாம் பேசுவது மட்டும் யாருக்கும் போய்ச் சேருவதில்லை. உடனே பலரும் செய்வது டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுவது, அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸையே ஃபார்மட் அடிப்பது. இரண்டுமே வீண் வேலை, ஏனென்றால் ஹெட்செட்டைச் செருகுகிற பச்சை சாக்கெட்டிலிருந்து மைக்குக்கு ஒயரே போகவில்லை. இல்லாத ஒயரை எந்த டிரைவர் கொண்டுவரும்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெட்செட் நன்றாக இருந்து, கம்ப்யூட்டரில் மைக்குக்கென்று இருக்கும் பிங்க் சாக்கெட்டும் உயிரோடு இருந்தால், ஒற்றைப் பின்னை இரண்டு பின்னாகப் பிரித்துத் தரும், நூறு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஸ்ப்ளிட்டர் போதும், அதற்கு மேல் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். பிங்க் சாக்கெட் மேல் சந்தேகம் இருந்தாலோ, மைக்கில் மௌஸ் நகர்த்தும்போதெல்லாம் கிறீச்சென்று சத்தம் வந்தாலோ, ஹெட்செட்டை லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறவர் என்றாலோ யு.எஸ்.பி. அடாப்டர். புது ஹெட்செட் என்பது கடைசி. ஆனால் ஸ்ப்ளிட்டரிலும் அடாப்டரிலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் தப்பான பொருள்கள் நிறைய உண்டு, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

பின்னில் என்ன இருக்கிறது

ஹெட்செட் பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று கறுப்புக் கோடுகள் தெரிந்தால் உலோகம் நாலு துண்டாகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். நுனி இடது காதுக்கு, அடுத்த துண்டு வலது காதுக்கு, மூன்றாவது எல்லாவற்றுக்கும் பொதுவான திரும்பும் பாதையான கிரவுண்ட், கடைசியாக ஒயரை ஒட்டி இருக்கும் அடித்துண்டு மைக்குக்கு. இன்றைக்கு போனுக்கென்று விற்கும் ஹெட்செட் பெரும்பாலும் எல்லாமே இந்த வரிசைதான், பாக்கெட்டில் சி.டி.ஐ.ஏ. என்று போட்டிருப்பார்கள். பழைய நோக்கியா காலத்து ஹெட்செட் சிலவற்றில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும், அந்த வரிசைக்கு ஓ.எம்.டி.பி. என்று பெயர். அலமாரியில் இருந்து தூசி தட்டி எடுத்த ஹெட்செட் என்றால் மட்டும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டாப்பின் பச்சை சாக்கெட்டில் தொடுமுனை மூன்றுதான், இடது, வலது, கிரவுண்ட். மைக்குக்குத் தனியாகப் பிங்க் சாக்கெட் இருக்கிறது, அதில் மைக் சத்தத்தை எதிர்பார்ப்பது நுனியில். ஆக நாலு துண்டுப் பின்னைப் பச்சையில் போட்டால் மைக் துண்டைக் கேட்பார் யாரும் இல்லை. பிங்கில் போட்டால் கம்ப்யூட்டர் மைக்கைத் தேடுகிற இடத்தில் இடது காது ஸ்பீக்கர் வந்து நிற்கிறது. எதில் போட்டாலும் மைக் ஊமைதான்.

இதைக் காசு செலவில்லாமல் காதாலேயே உறுதி செய்ய ஒரு வழி உண்டு. ஹெட்செட்டைப் பச்சை சாக்கெட்டில் போட்டு ஒரு சினிமாப் பாட்டை ஓடவிடுங்கள். பல கம்ப்யூட்டர்களில் பாட்டு ஏதோ குடத்துக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கும், பின்னணி இசையும் எதிரொலியும் கேட்கும், பாடகர் குரல் மட்டும் தேய்ந்து போயிருக்கும். இப்போது ஹெட்செட் ஒயரில் இருக்கும், அழைப்பை எடுக்கிற பட்டனை அழுத்திப் பிடியுங்கள். குரல் சட்டென்று முன்னால் வந்து நிற்கும், விட்டால் மறுபடி மறைந்துவிடும். காரணம் எளிது. சாக்கெட்டின் கிரவுண்ட் முனை, பின்னின் அடித்துண்டான மைக் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டு காதுக்கும் பொதுவாக இருக்க வேண்டிய திரும்பும் பாதை அறுந்து, இடதும் வலதும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன. இரண்டு பக்கமும் சமமாகப் பதிவான சத்தம், அதாவது நடுவில் நிற்கும் பாடகர் குரல், அடிபட்டுப் போகிறது. பட்டனை அழுத்தினால் அது மைக் துண்டையும் கிரவுண்டையும் இணைத்துவிடுகிறது, பாதை திரும்பக் கிடைக்கிறது. சில சாக்கெட்டுகளில் முனை கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பதால் கிரவுண்டைச் சரியாகத் தொட்டுவிடும், அப்போது பாட்டு ஒழுங்காகவே கேட்கும். அதை வைத்து மைக்கும் வரவேண்டும் என்று முடிவு கட்டக்கூடாது.

கடைக்குப் போகுமுன் இரண்டு சோதனை

முதலில் ஹெட்செட் மைக் நல்லதா என்று பார்க்க வேண்டும். போனில் செருகி, வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, மைக் துளை இருக்கும் இடத்தை நகத்தால் சுரண்டுங்கள். திரும்பக் கேட்கும்போது சுரண்டல் காது கிழிகிற மாதிரி கேட்டால் மைக் உயிரோடு இருக்கிறது. வெறுமனே பேசிப் பார்த்தால் போனின் சொந்த மைக்கே அதைப் பதிவு செய்து உங்களை ஏமாற்றலாம், அதனால்தான் சுரண்டச் சொல்கிறேன்.

அடுத்து கம்ப்யூட்டரின் பிங்க் சாக்கெட். இதற்கு வீட்டில் கிடக்கும், மைக் இல்லாத பழைய இயர்போன் போதும், இரண்டு கறுப்புக் கோடு போட்ட பின். அதைப் பிங்க் சாக்கெட்டில் செருகிவிட்டு, விண்டோஸில் விண்டோஸ் பட்டனோடு R அழுத்தி வரும் பெட்டியில் இதை அடியுங்கள்:

```
mmsys.cpl
```

திறக்கும் ஜன்னலில் `Recording` பக்கத்துக்குப் போனால் மைக் பெயருக்குப் பக்கத்தில் படுக்கை வசமாக ஏறி இறங்கும் பட்டைகள் இருக்கும். இப்போது இயர்போனின் காதில் வைக்கும் பகுதியை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்துப் பேசுங்கள், இல்லை விரலால் தட்டுங்கள். ஸ்பீக்கரும் மைக்கும் அமைப்பில் உறவுக்காரர்கள்தான், அந்தக் குட்டி ஸ்பீக்கரின் சவ்வு அதிர்ந்தாலே கொஞ்சம் மின்சாரம் வரும். பட்டை ஒரு கோடு இரண்டு கோடு எழுந்தாலே போதும், சாக்கெட்டும் அதற்குப் பின்னால் இருக்கும் சர்க்யூட்டும் வேலை செய்கின்றன. ஒன்றுமே அசையவில்லை என்றால், மைக் பெயர் மேல் இரண்டு முறை கிளிக் செய்து `Levels` பக்கத்தில் `Microphone Boost` என்று இருப்பதை +20 dB வரை ஏற்றிவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயம். மைக் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் வந்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சாக்கெட்டுக்குள் ஏதோ ஒரு பின் நுழைந்தது என்பதை ஒரு சின்ன சுவிட்ச் சொல்கிறது, அவ்வளவுதான். ஹெட்செட்டே மாட்டாத வெறும் ஸ்ப்ளிட்டரைச் செருகினாலும் டிக் வரும். பட்டை அசைகிறதா என்பதுதான் கணக்கு.

கேபினட்டின் முன்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். புதுக் கேபினட்டுகள் சிலவற்றிலும், கம்பெனிகள் பழசென்று கழித்துவிட்டு செகண்ட் ஹேண்டில் சந்தைக்கு வரும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் பலவற்றிலும், முன்னால் ஒரே ஒரு சாக்கெட் இருக்கும், பக்கத்தில் ஹெட்ஃபோனோடு சின்ன மைக்கும் சேர்ந்த படம் போட்டிருக்கும். அப்படி இருந்தால் நாலு துண்டுப் பின்னை நேராக அதிலேயே போடலாம், எதுவும் வாங்க வேண்டாம். வெறும் ஹெட்ஃபோன் படம் மட்டும் என்றால் அது மூன்று முனைதான்.

ஸ்ப்ளிட்டர்: மலிவு, ஆனால் கேட்டு வாங்க வேண்டும்

நமக்கு வேண்டியது ஒரு பக்கம் ஹெட்செட் நுழையும் ஒரே துளை, மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பின்கள். அந்த இரண்டு பின்னிலும் தலா இரண்டு கறுப்புக் கோடு இருக்கும், ஒன்றில் ஹெட்ஃபோன் படம் அல்லது பச்சை வளையம், மற்றதில் மைக் படம் அல்லது பிங்க் வளையம். உள்ளே எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது, நாலு ஒயரை இரண்டு பாதையாகப் பிரித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சென்னை ரிச்சி தெருவில் போய் "மைக் ஸ்ப்ளிட்டர் குடுங்க" என்றால் மூன்று விதமான பொருள் கைக்கு வரும், மூன்றும் ஒய் எழுத்து வடிவத்தில்தான் இருக்கும். ஒன்று, மேலே சொன்னது. இரண்டாவது இதற்குத் தலைகீழ்: ஒரே பின், இரண்டு துளை, அந்தப் பின்னில் மூன்று கறுப்புக் கோடு. அது பழைய இரட்டைப் பின் ஹெட்செட்டை லேப்டாப்பிலோ போனிலோ மாட்டுவதற்கு, நமக்கு உதவாது. மூன்றாவதும் ஒரே பின், இரண்டு துளை, ஆனால் பின்னில் இரண்டே கோடு. அது பஸ்ஸில் இரண்டு பேர் சேர்ந்து படம் பார்க்கிறதற்கு, மைக்குக்கு அதில் ஒயரே கிடையாது. கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் இவை ஒரே டப்பாவில் கிடக்கின்றன. "சார், இது மொபைல் ஹெட்செட்ட டெஸ்க்டாப்ல போடறதுக்கு, ரெண்டு பின் வெளிய நீட்டிட்டு இருக்கணும்" என்று சொன்னால் உடனே புரிந்து சரியானதை எடுத்துத் தருவார். கோடுகளை அங்கேயே எண்ணிப் பாருங்கள். முடிந்தால் ஹெட்செட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

ஸ்ப்ளிட்டர் போட்ட பிறகும் குறைகள் சில இருக்கும். ஒயரில் இருக்கும் பட்டன் கம்ப்யூட்டரில் அழைப்பை எடுக்கவோ வைக்கவோ செய்யாது. மைக்கைக் கிரவுண்டோடு இணைப்பது மட்டும்தான் அதன் வேலை என்பதால், அழுத்திப் பிடித்திருக்கும் வரை நீங்கள் பேசுவது கேட்காமல் போகும், அழுத்தும்போதும் விடும்போதும் டொக் என்று ஒரு சத்தம் எதிர்ப்பக்கம் கேட்கும். இன்னொன்று, டவர் மேஜைக்குக் கீழே இருந்து, பின்பக்க சாக்கெட்டில்தான் போட வேண்டும் என்றால் ஒயர் நீளம் பத்தாது. மொபைல் ஹெட்செட் ஒயர் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நீட்டிப்பு ஒயர் வாங்குவதாக இருந்தால் அதை எந்த இடத்தில் போடுகிறீர்கள் என்று யோசியுங்கள். ஹெட்செட்டுக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் நடுவில் போடுவதென்றால் நீட்டிப்பு ஒயரும் மூன்று கோடு போட்டதாக இருக்க வேண்டும். இரண்டு கோடு ஒயரைப் போட்டால் மைக் திரும்பவும் செத்துவிடும், நீங்கள் ஸ்ப்ளிட்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

முன்பக்க பச்சை-பிங்க் சாக்கெட்டில் போடலாமே என்றால், தாராளமாகப் போடலாம். ஆனால் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பில் முன்பக்க சாக்கெட்டின் ஒயர் மதர்போர்டில் மாட்டப்பட்டிருக்கிறதா என்பது அசெம்பிள் செய்தவரின் பொறுமையைப் பொறுத்தது. போர்டில் `F_AUDIO` அல்லது `HD_AUDIO` என்று அச்சிட்ட, ஒரு பின் குறைவாக இரண்டு வரிசையில் இருக்கும் இடத்தில் அந்த ஒயர் போக வேண்டும். பல வீடுகளில் அது கேபினட்டுக்குள் சுருட்டிக் கட்டியபடியே வருஷக்கணக்கில் கிடக்கிறது. இயர்போன் சோதனையை முன்பக்கத்திலும் ஒருமுறை செய்துவிட்டால் தெரிந்துவிடும்.

ஸ்ப்ளிட்டர் போட்டதும் பாட்டு குடத்துக்குள் கேட்பது மாதிரி ஆகி, மைக்கும் வரவில்லை என்றால் பின் முழுதாக உள்ளே போகவில்லை, இல்லை உங்களுடையது அந்தப் பழைய இடம் மாறிய வரிசை. முதலாவதுதான் அதிகம் நடக்கும். போன் கவரின் விளிம்புக்கு ஏற்ற மாதிரி தடிமனான ரப்பர் வைத்த பின்கள் ஸ்ப்ளிட்டர் துளையில் கொஞ்சம் வெளியே நின்றாலே போதும், துண்டுகள் எல்லாம் ஒரு படி தள்ளிப் போய்விடும். டக் என்று உட்காருகிற வரை அழுத்துங்கள்.

யு.எஸ்.பி. அடாப்டர்: கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டையே ஓரங்கட்டுவது

பென் டிரைவ் மாதிரி இருக்கும் இதற்குள் தனியாக ஒரு சவுண்ட் கார்டே இருக்கிறது. மைக் சத்தம் கம்ப்யூட்டருக்கு வெளியிலேயே டிஜிட்டலாக மாறி உள்ளே போகிறது, அதனால் மதர்போர்டின் பிங்க் சாக்கெட் செத்திருந்தாலும் கவலை இல்லை. சாதாரண ரகங்களுக்கு விண்டோஸிலும் லினக்ஸிலும் டிரைவர் எதுவும் போட வேண்டாம், செருகினால் தானாக எடுத்துக்கொள்ளும். விலை ஸ்ப்ளிட்டரைவிடக் கூட, இரண்டு மூன்று மடங்கில் ஆரம்பித்து நல்ல பிராண்டு என்றால் ஆயிரம் வரை போகும். பேசுவதற்கு மட்டும் என்றால் மலிவானதே போதும், பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் மலிவானதில் மெல்லிய இரைச்சல் ஒன்று பின்னால் ஓடும்.

இதிலும் பொறி இருக்கிறது. கடையில் அதிகம் கிடைக்கும் மலிவான அடாப்டரில் பச்சை ஒன்று பிங்க் ஒன்று என்று இரண்டு துளை இருக்கும். நாலு துண்டுப் பின்னுக்கு அது எந்த வகையிலும் தீர்வு இல்லை, டெஸ்க்டாப்பின் அதே பிரச்சினையைக் காசு கொடுத்து யு.எஸ்.பி.க்கு மாற்றிக்கொண்டது மாதிரிதான், கூடவே ஒரு ஸ்ப்ளிட்டரும் வாங்க வேண்டி வரும். ஒரே துளை இருந்து, பக்கத்தில் மைக்கோடு சேர்ந்த ஹெட்செட் படம் போட்டிருப்பதைக் கேளுங்கள். மூன்று துளை உள்ளவையும் வருகின்றன, அதில் ஒன்றுக்கு அந்தப் படம் இருந்தால் சரி.

போனோடு வந்த டைப்-சி டாங்கிள் கையில் இருக்கிறதே, அதை ஒரு டைப்-சி மாற்றியோடு டெஸ்க்டாப்பில் போடலாமா என்று கேட்பார்கள். உள்ளே சவுண்ட் சிப் இருக்கிற டாங்கிள் என்றால் ஓடும். சில பழைய போன்களோடு வந்தவை சிப் இல்லாத வெறும் ஒயர், போனுக்குள் இருக்கும் சவுண்டை அப்படியே வெளியே எடுப்பவை. அவற்றைக் கம்ப்யூட்டரில் போட்டால் எதுவுமே நடக்காது. செருகியதும் `mmsys.cpl` ஜன்னலில் புதிதாக ஒரு பெயர் முளைத்தால் சிப் இருக்கிறது.

வேளச்சேரி கேஸ்

வேளச்சேரியில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஒரு வாய்ஸ் ப்ராசஸ் வேலைக்கு ஆன்லைன் இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெஸ்க்டாப், டவர் மேஜைக்கு அடியில், போனோடு வாங்கிய ஒற்றைப் பின் ஹெட்செட். "அண்ணா, அவங்க பேசறது எனக்குக் கேக்குது, நான் பேசறதுதான் போகல, மைக் போயிடுச்சு போல" என்றாள். அவள் அம்மா அதற்குள் ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய் யு.எஸ்.பி. ஹெட்செட் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டார்.

போனில் சுரண்டிப் பார்த்தோம், மைக் நன்றாக இருந்தது. பச்சையில் போட்டு பட்டனை அழுத்தியதும் பாடகர் குரல் வந்து போனது. பின்பக்கப் பிங்க் சாக்கெட்டில் அவள் அப்பாவின் பழைய இயர்போனைப் போட்டுத் தட்டியதில் பட்டை எழுந்தது, முன்பக்கம் அசையவே இல்லை, உள்ளே ஒயர் மாட்டவில்லை. ஆகவே முதல் தேர்வு ஸ்ப்ளிட்டர், பின்பக்கத்தில். அன்று சாயங்காலமே வாங்கி வந்து போட்டதும் மைக் பேசியது.

ஆனால் பதிவு செய்து கேட்டால் குரலுக்கு அடியில் இரண்டு சத்தம். ஒன்று விடாமல் ம்ம்ம் என்று ஓடுகிற ஹம். இன்னொன்று மௌஸை நகர்த்தினால், பக்கத்தை உருட்டினால் மட்டும் வரும் மெல்லிய கிறீச். மைக் மெதுவாகக் கேட்கிறதே என்று பூஸ்ட்டை +30 வரை ஏற்றியிருந்ததால் இரண்டும் பெரிதாகக் கேட்டன. +10க்கு இறக்கி மைக்கை வாய்ப் பக்கம் நகர்த்தியதில் பாதி குறைந்தது. ஹம்முக்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது. ஸ்பைக் பஸ்டரின் மூன்று பின் பிளக், எர்த் துளை இல்லாத ஒரு மாற்றி வழியாகச் சுவரில் போயிருந்தது. கேபினட்டின் பின்பக்க ஸ்க்ரூவை வெறுங்காலோடு நின்று கையால் தொட்டால் விரலில் சுர்ரென்று ஓடும், அது ஒரு நல்ல அடையாளம், ஆனால் தொட்டுப் பார்க்கச் சொல்ல மாட்டேன், டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எர்த் உள்ள வேறு பாயின்ட்டுக்கு மாற்றியதும் ஹம் போய்விட்டது. இந்த ஹம்மை நினைத்து யு.எஸ்.பி. அடாப்டர் வாங்கினால் காசு வீணாகியிருக்கும், எர்த் இல்லாத வீட்டில் அதிலும் ஹம் வரலாம்.

மிச்சம் இருந்தது மௌஸ் கிறீச். அது மதர்போர்டுக்குள் இருந்தே மைக் சர்க்யூட்டில் கசிகிறது, வெளியில் எதைச் சரி செய்தும் போகாது. சாதாரண வீட்டு மீட்டிங்குக்கு இதோடு நிறுத்தியிருப்பேன், எதிராளி கவனிக்கக்கூட மாட்டார். அவளுக்கு இன்டர்வியூவில் கேட்பதே குரல் சுத்தமாக இருக்கிறதா என்பது, அதோடு வேலை கிடைத்தால் கம்பெனி லேப்டாப்பிலும் இதே ஹெட்செட் வேண்டும். அதனால் ஒரே துளை யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்று வாங்கினோம். கிறீச் நின்றது, முன்பக்க யு.எஸ்.பி.யில் போட்டதால் ஒயர் நீளத் தொல்லையும் தீர்ந்தது. ஸ்ப்ளிட்டரும் அடாப்டரும் சேர்ந்து வந்த செலவு அந்த இரண்டாயிரத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை.

மாட்டியும் வரவில்லை என்றால்

ஒயர் எல்லாம் சரி, பட்டை அசைகிறது, ஆனால் மீட்டிங்கில் மட்டும் குரல் போகவில்லை என்றால் இப்போதுதான் செட்டிங் பக்கம் போக வேண்டும். விண்டோஸ் 11-ல் `Settings > Privacy & security > Microphone` போய் `Microphone access` திறந்திருக்கிறதா, கீழே `Let desktop apps access your microphone` திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மீட்டிங் ஆப்புக்குள் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள், யு.எஸ்.பி. அடாப்டர் போட்ட பிறகும் அது பழைய `Realtek` மைக்கையோ வெப்கேம் மைக்கையோ பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்ப்ளிட்டரைச் செருகியதும் என்ன செருகினீர்கள் என்று கேட்டு ஒரு பெட்டி எழுந்தால் `Mic In` என்று சொல்லுங்கள், அவசரத்தில் மூடிவிட்டால் சில போர்டுகள் அதை லைன் இன் என்று எடுத்துக்கொள்ளும், அப்போது மைக்குக்கு வேண்டிய சின்ன மின்னழுத்தம் கிடைக்காமல் போகும்.

புதிதாகவே வாங்குவதென்றால்

இயர்கப் கிழிந்து, மைக்கும் போய், எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு: இரட்டைப் பின்னா, ஒற்றைப் பின்னா, யு.எஸ்.பி.யா? டெஸ்க்டாப் ஒன்றுதான், அது மேஜையை விட்டு நகராது, பிங்க் சாக்கெட் நன்றாக இருக்கிறது என்றால் இரட்டைப் பின்னில் எந்தத் தப்பும் இல்லை, நடுவில் அடாப்டர் எதுவும் ஆடாமல் உறுதியாக இருக்கும். ஆனால் அதைப் போனிலோ லேப்டாப்பிலோ போட அந்தத் தலைகீழ் ஸ்ப்ளிட்டரைத் தேட வேண்டியிருக்கும். நான் வாங்குவதென்றால் ஒற்றைப் பின், பெட்டிக்குள்ளேயே ஸ்ப்ளிட்டர் வைத்துக் கொடுப்பதாகப் பார்த்து வாங்குவேன். அந்தக் கம்பெனியே வைத்துக் கொடுப்பது அதன் பின்னுக்கு முழுதாகப் பொருந்தும், துண்டுகள் தள்ளிப் போகும் தொல்லை இருக்காது. யு.எஸ்.பி. ஹெட்செட் நாள் முழுக்க அழைப்பில் இருப்பவர்களுக்குச் சரி, மியூட் பட்டனும் வால்யூமும் ஒயரிலேயே இருக்கும், ஆனால் ஒயர் அறுந்தால் சவுண்ட் கார்டும் சேர்ந்து குப்பைக்குப் போகும், அடாப்டர் வைத்திருப்பவர் வெறும் ஹெட்செட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.